அம்மா கொலுசு 80 டச்சா 61 டச்சா? பத்தவைப்பும் தேய்மானமும் பாத்து நான் கத்துக்கிட்டது

எங்க அம்மாவோட கெட்டி கொலுசு ஜோடி 214 கிராம். கல்யாணத்துக்கு தாத்தா சேலத்துல சொல்லி செஞ்சு போட்டது, பெட்டிக்குள்ள இருந்த பழைய சீட்டுல 80 டச்சுன்னு பேனால எழுதியிருக்கும். டச்சுன்னா தெரியாதவங்களுக்கு, நூத்துக்கு எத்தனை பங்கு வெள்ளிங்கிறதுதான், 80 டச்சுன்னா நூறு கிராம்ல 80 கிராம் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. வீட்டுல ஒரு அவசரம் வந்தப்ப அந்த கொலுச விக்கலாம்னு ஒரு கடைக்கு எடுத்துட்டு போனோம். கடைக்காரர் ஒரு வளையத்துல அரத்த வச்சு ரெண்டு தேய் தேச்சாரு, டச் பாக்குற மெஷின்ல வச்சாரு, 61ன்னு வந்துச்சு. "அம்மா, இது 61 டச்சுதாம்மா, அந்த காலத்துல ஏமாத்திட்டாங்க"ன்னு சொன்னாரு. அம்மாவுக்கு முகமே செத்துப்போச்சு, காசு கம்மியா வருதேன்னு இல்ல, தாத்தா ஏமாந்துட்டாரா இல்ல தாத்தாவே ஏமாத்திட்டாரான்னு அந்த யோசனை.

விக்காம திருப்பி எடுத்துட்டு நேரா பெரியப்பா வீட்டுக்கு போயிட்டோம். பெரியப்பா செவ்வாய்ப்பேட்டை பக்கம் பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல பத்தவைப்பு வேலை பாத்தவரு, இப்ப கண்ணு சரியில்லாம வேலைய விட்டுட்டாரு, ஆனா லென்ஸ கண்ணுல வச்சிட்டாருன்னா இன்னிக்கும் அவர் பார்வைக்கு தப்பாது. கொலுச வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தவரு கேட்ட முதல் கேள்வி, "எந்த எடத்துல ராவுனான்?"ங்கிறதுதான். காமிச்சேன். "ஏன் கண்ணு, இது பத்தவைப்பு மேலயே ராவியிருக்கான் பாரு"ன்னாரு.

லென்ஸ்ல நானும் பாத்தேன். வளையத்தோட வாய் சேருற எடத்துல ஒரு தலைமுடி அகலத்துக்கு வெளிர் மஞ்சளா ஒரு கோடு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை. அந்த கோடு ஒவ்வொரு வளையத்துலயும் ஒரே எடத்துல, வரிசையா. அதுவரைக்கும் முப்பது வருஷமா அந்த கொலுச பாத்திருக்கேன், அந்த மஞ்சள நான் பாத்ததே இல்ல.

இதுதான் இந்த பதிவோட மொத்த விஷயமே. வெள்ளி சாமான்ல பத்தவச்ச எடத்துல இருக்கற உலோகம் வேற, உடம்புல இருக்கற உலோகம் வேற. பத்தவைக்க போடுறத பட்டறையில பொடிம்பாங்க. வெள்ளியோட பித்தளைய சேத்து உருக்கி, அத அரத்தால ராவி தூளாக்கி, வெங்காரத்தோட குழைச்சு வாய்ல வச்சு ஊதுவாங்க. பித்தளை எதுக்குன்னா, பொடி உடம்புக்கு முன்னாடி உருகணும். சுத்த வெள்ளி உருக 960 டிகிரிக்கு மேல வேணும், பித்தளையில இருக்கற செம்பும் துத்தநாகமும் சேந்தா அதுக்கு ரொம்ப கீழயே பொடி தண்ணி மாதிரி ஓடிரும், வளையம் உருகாம வாய் மட்டும் ஒட்டிக்கும். அதனால பொடியில வெள்ளி எப்பவும் கம்மியாதான் இருக்கும், அது ஏமாத்து வேலை இல்ல, அப்படி இல்லன்னா பத்தவைக்கவே முடியாது. அந்த பித்தளைதான் லென்ஸ்ல மஞ்சளா தெரியுது.

பெரியப்பா மூணு எடத்துல லேசா ராவச் சொன்னாரு. வளையத்தோட முதுகு, அதாவது வாய்க்கு நேர் எதிர்பக்கம், அடுத்து பத்தவைப்பு, அடுத்து திருகாணி. மறுநாள் வேற ஒரு டச் பாக்குற கடைல காசு கட்டி மூணையும் தனித்தனியா பாத்தோம். முதுகுல 84. பத்தவைப்புல 61. திருகாணியில 68. திருகாணி ஏன் கம்மின்னு கேட்டேன், நல்ல வெள்ளி மெத்துன்னு இருக்கும், அதுல மரை போட்டா பத்து தடவ திருகுனதுமே மரை மழுங்கிரும், அதனால கொக்கியும் திருகும் வேணும்னே செம்பு கூட்டித்தான் செய்வோம்னாரு.

அப்பறம் கணக்கு போட்டாரு, ஒரு காலண்டர் தாள் பின்னாடி. இந்த மாடல் கொலுசு நெருக்கமா வளையம் வச்சது, இதுக்கு நூறு கிராமுக்கு பத்து கிராம் பொடி இழுக்கும்னு அவருக்கு கை பழக்கத்துல தெரியும். அப்ப 214ல பொடி 21 கிராம், கொக்கி திருகு எல்லாம் சேத்து 13 கிராம், மிச்சம் உடம்பு 180. உடம்புல 84 வீதம்னா வெள்ளி 151 கிராம், பொடியில 61 வீதம் 13 கிராம், திருகாணியில 68 வீதம் 9 கிராம். கூட்டுனா 173. அத 214ல வகுத்தா 80க்கு மேல கொஞ்சம். சீட்டுல தாத்தா காலத்து ஆசாரி எழுதுன 80 சரிதான்! மொத்தத்தையும் உருக்குனா என்ன வருமோ அதத்தான் அவரு எழுதியிருக்காரு. 61 கணக்குல வித்திருந்தா 130 கிராம் வெள்ளிக்குத்தான் காசு, 42 கிராம் வெள்ளி சும்மா போயிருக்கும். அம்மா அன்னிக்கு ராத்திரிதான் சரியா சாப்பிட்டாங்க.

இதையே திருப்பியும் போட்டு பாக்கணும், ஏன்னா விக்கும்போது நமக்கு நட்டம் பண்ற அதே விஷயம் வாங்கும்போது வேற மாதிரி நட்டம் பண்ணும். புதுசா கொலுசு வாங்கும்போது கடைக்காரர் உடம்புல மெஷின வச்சு 84 காமிச்சு 84க்கு காசு வாங்குனா, நாம வாங்குறது உண்மையில 80. அதனால நான் இப்ப எந்த கொலுச பாத்தாலும் முதல்ல பாக்கறது வளையம் எவ்வளவு நெருக்கம், எத்தனை பத்தவைப்பு, பொடி எவ்வளவு வழிஞ்சிருக்குங்கிறதுதான். நல்ல கைக்காரர் வச்ச பொடி வாய்க்குள்ள மட்டும் நிக்கும், வெளிய வராது. அவசர வேலையில பொடி வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல குளம் கட்டி நிக்கும், பக்கத்து வளையமும் சேந்து ஒட்டி அசையாம கெடக்கும், முத்து வச்ச கொலுசுன்னா முத்தோட கழுத்துல கட்டியா தெரியும். அப்படி இருந்தா மொத்த டச்சு உடம்பு டச்ச விட நல்லாவே எறங்கும்னு எடுத்துக்கலாம்.

பத்தவைப்புல இன்னொன்னு இருக்கு, அது ரொம்ப ஆபத்து. சில பழைய சாமான்ல மஞ்சளா இல்லாம, சாம்பல் கலர்ல மங்கலா, மெழுகு சொட்டுன மாதிரி ஒரு கட்டி இருக்கும். அது ஈயம். பாத்திரம் அடைக்கிறவங்க வைக்கிற ஈயப்பத்து. ஊசி முனைய வச்சு அழுத்துனா குழி விழும், பொடி வச்ச எடத்துல அவ்வளவு லேசுல விழாது. வெள்ளி ஆசாரி யாரும் புதுசா செய்யும்போது ஈயம் வைக்க மாட்டாங்க, அதனால ஈயம் இருந்தா பின்னாடி யாரோ ரிப்பேர் பண்ணிருக்காங்கன்னு அர்த்தம். அத அப்படியே பட்டறையில குடுத்து பொடி வச்சு ஊதச் சொல்லிறாதீங்க. சூடு ஏறுனா ஈயம் வெள்ளிய அரிச்சு ஓட்டை போட்டுரும், பெரியப்பா பட்டறையில ஒரு பாட்டியோட தண்டை அப்படி ஒரு நிமிஷத்துல சல்லடை ஆனத அவரே கண்ணால பாத்திருக்காரு. முதல்ல ஈயத்த பூராவும் சுரண்டி எடுத்துட்டு அப்பறம்தான் நெருப்பு காட்டணும்.

மெஷின், உரைகல் ரெண்டுமே மேல்தோல மட்டும்தான் பாக்கும்ங்கிறது நெறைய பேருக்கு தெரியாது. வெள்ளி சாமான செஞ்சு முடிச்சதும் சூடு காட்டி ஆசிட்லயோ, பழைய முறைன்னா புளித்தண்ணி படிகாரத்துலயோ போட்டு வெளுப்பாங்க. சூட்டுல மேல வர்ற செம்பு கருத்துப்போகும், வெளுக்கும்போது அந்த செம்பு மட்டும் கரைஞ்சு போயி மேல மெல்லிசா கிட்டத்தட்ட சுத்த வெள்ளி நிக்கும். ரெண்டு மூணு தடவ இப்படி பண்ணா 60 டச் சாமான் கூட பாக்க பால் மாதிரி இருக்கும், ராவாம மெஷின்ல வச்சா நல்ல நம்பரும் காட்டும். மேல வெள்ளி முலாம் பூசுனது இன்னும் மோசம். அதனால ராவாம பாத்த டச்ச நம்பாதீங்க. வெளிய தெரியாத எடத்துல ஒரு அரிசி மணி அளவு ராவுனா போதும், கொலுசுன்னா வளையத்தோட உள்பக்கம், ஒட்டியாணம்னா பின்தகடோட ஓரம்.

ஆனா பழைய சாமான்ல இந்த வெளுப்பே ஒரு துப்பு குடுக்கும். கால்ல போட்டு போட்டு தேயும்போது அந்த மேல்தோல் முதல்ல எங்க உரசுதோ அங்க போயிரும். டச் கம்மியான கொலுசுன்னா உரசுற எடத்துல லேசா சிவந்த மாதிரி மஞ்சளா தெரியும், உரசாத குழியில வெள்ளையா இருக்கும். டச் நல்லா இருக்கற கொலுசுல தேஞ்ச எடமும் தேயாத எடமும் ஒரே நிறம். ராவாமலே முக்கால்வாசி தெரிஞ்சிரும், பகல் வெளிச்சத்துல பாருங்க, கடை லைட்டுல பாக்காதீங்க, அந்த லைட்ல எல்லாமே வெள்ளைதான்.

பழைய ரூபாய உருக்கி செஞ்சதுன்னு நெறைய வீட்டுல சொல்வாங்க, எங்க பாட்டி தண்டைக்கும் அந்த கதை உண்டு. ரூபாய்லன்னா எந்த ரூபாய்னு கேக்கணும். வெள்ளைக்காரன் காலத்து ரூபா 11.66 கிராம், அதுல 12ல 11 பங்கு வெள்ளி, அதாவது 91.7. ஆனா 1940ல உலகப்போர் நேரத்துல அத பாதிக்கு எறக்கிட்டாங்க, 50 தான் வெள்ளி, மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947ல வந்த ரூபாய்ல வெள்ளியே இல்ல, நிக்கல். அதனால "ரூபா வெள்ளி"ங்கிற ஒத்த வார்த்தைய கேட்டு 91க்கு காசு குடுத்துறக்கூடாது. பாட்டி தண்டை 88 வந்துச்சு, அப்ப முந்தின ரூபாயாத்தான் இருக்கணும், பொடி சேந்து கொஞ்சம் எறங்கியிருக்கு.

இப்ப நான் ஏமாந்த கதைக்கு வரேன். இவ்வளவும் கத்துக்கிட்ட பின்னாடிதான் ஏமாந்தேன், ஏன்னா டச்ச பாக்க கத்துக்கிட்டவளுக்கு வயச பாக்கத் தெரியல.

செட்டிநாட்டு பக்கம் பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட ஒரு வெள்ளி ஒட்டியாணம். ஏழு பட்டை, கீல் வச்சு கோத்தது, நடுவுல கம்பி வேலை செஞ்ச முகப்பு, இப்ப ஃபிலிக்ரீன்னு சொல்றாங்களே அதுதான். குழியெல்லாம் கருப்பேறி, பாத்தாலே பழசுன்னு சொல்ற மாதிரி. நூறு வருஷம் இருக்கும்னாரு. நான் கெத்தா பின்தகட்டோரத்துல ராவி டச் பாத்தேன், 92. பத்தவைப்புல மஞ்சள் கோடு தேடுனேன், இல்ல. "அடேங்கப்பா என்ன சுத்தமான வேலை"ன்னு நெனச்சு, வெள்ளி விலைக்கு மேல பழசுக்குன்னு ஒரு தொகை கூட குடுத்து வாங்கிட்டு வந்துட்டேன்.

பெரியப்பா அத கையில வாங்கி முகப்ப பாக்கல, கொக்கிய பாத்தாரு. கொக்கியோட உள்வளைவு நல்லா தேஞ்சு, மூணுல ஒரு பங்கு கனம் போயி, வழுவழுன்னு பள்ளமா இருந்துச்சு. அது மாட்டுற வளையத்த பாத்தாரு. வளையம் முழு வட்டமா, ஒரு கீறல் இல்லாம இருந்துச்சு. "கொக்கி தேயறதுக்கு வளையம்தானம்மா தேய்க்கும், வளையம் தேயாம கொக்கி எப்படி தேயும்?"னு கேட்டாரு. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. வேற ஏதோ ஒரு பழைய சாமானோட கொக்கிய எடுத்து புது ஒட்டியாணத்துல வச்சிருக்காங்க.

அதுக்கப்பறம் ஒவ்வொன்னா பாத்தோம், அத கொஞ்சம் விரிவா சொல்றேன். கீல்ல ஊசி போற துளை இருக்கும். வருஷக்கணக்கா இடுப்புல மடங்கி விரிஞ்ச ஒட்டியாணத்துல அந்த துளை வட்டமா இருக்காது, இழுபடுற பக்கமா நீண்டு முட்டை வடிவமா இருக்கும், ஊசியும் நடுவுல இடுப்பு ஒடிஞ்சு தெரியும், பட்டைய புடிச்சு ஆட்டுனா லொடலொடன்னு ஆடும். இதுல துளை எல்லாம் கச்சிதமா வட்டம். அடுத்து பின்பக்கம். ஒட்டியாணத்தோட பின்பக்கம் புடவையில உரசிக்கிட்டே இருக்கும், அதனால நெசமான பழசுல பின்பக்கம் கண்ணாடி மாதிரி மழுமழுன்னு, பட்டையோட ஓரம் எல்லாம் உருண்டு இருக்கும், விரல ஓட்டுனா வெட்டாது. இதுல பின்பக்கம் பூரா ஒரே மாதிரி சின்னச்சின்ன கீறல், எல்லா திசையிலயும், குழிக்குள்ள கூட. துணி குழிக்குள்ள போயி உரசாது இல்லயா, அது ஏதோ கல்லோட போட்டு உருட்டுனதுல வந்த கீறல். அப்பறம் கருப்பு. நெசமா காலத்துல ஏறுன கருப்பு எடத்துக்கு எடம் மாறும், வேர்வை படுற பக்கம் ஒரு மாதிரி, படாத பக்கம் ஒரு மாதிரி, குழிக்குள்ள அழுக்கு இறுகி கல்லு மாதிரி உக்காந்திருக்கும். இதுல கருப்பு எல்லா குழியிலயும் ஒரே அளவு, பஞ்சுல தின்னர் தொட்டு துடைச்சதும் கலர் பஞ்சுல வந்துருச்சு.

முகப்புல மஞ்சள் கோடு ஏன் இல்லங்கிறதுதான் கடைசியா தெரிஞ்சது. அது கம்பி வேலையே இல்ல, அச்சுல ஊத்துனது. நெசமான கம்பி வேலை எப்படி செய்வாங்கன்னு தெரிஞ்சா இது பளிச்சுன்னு தெரியும். ஒடிசாவுல கட்டாக்ல செய்யற தாரகாசியோ தெலங்கானாவுல கரீம்நகர்ல செய்யறதோ ரெண்டும் அடிப்படை ஒன்னுதான். முடி மாதிரி இழுத்த ரெண்டு கம்பிய கயிறு மாதிரி முறுக்கி, அப்பறம் தட்டையா அமுக்குவாங்க. அப்படி அமுக்குன கம்பிய ஓரமா பாத்தா ரம்பப்பல்லு மாதிரி வரிவரியா தெரியும். கனமான கம்பியில சட்டம் கட்டி, அதுக்குள்ள இந்த முறுக்குக் கம்பிய சுருள் சுருளா வளைச்சு நெருக்கி அடைச்சு, மேல பொடியும் வெங்காரமும் தூவி ஒரே சூட்டுல ஊதுவாங்க. அதனால சுருள் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல மெல்லிசா வெளிச்சம் போற இடைவெளி இருக்கும், தொடுற எடத்துல மட்டும் ஒட்டியிருக்கும். எங்கிட்ட கட்டாக்ல இருந்து வந்த ஒரு சின்ன குங்குமச்சிமிழ் இருக்கு, அத வெயில்ல புடிச்சு லென்ஸ்ல பாத்தா ஒவ்வொரு சுருளுக்குள்ளயும் முறுக்கோட பல்லு கூர்மையா எண்ணிப் பாக்கலாம், சுருள் சட்டத்துல தொடுற எடத்துல மட்டும் ஒரு புள்ளி அளவுக்கு நிறம் மாறியிருக்கும்.

ஒட்டியாண முகப்புல அந்த பல்லு இருந்துச்சு, ஆனா மழுங்கி, மெழுகுல செஞ்ச மாதிரி. கம்பிக்கு நடுவுல இருக்க வேண்டிய சந்துல சின்னச்சின்ன உருண்டை ஒட்டியிருந்துச்சு, அச்சு செய்யும்போது காத்துக்குமிழ் நின்ன எடத்துல வெள்ளி போயி உக்காந்தா அப்படி வரும். கம்பி சட்டத்துல ஒட்டல, சட்டத்துல இருந்து வளந்து வந்த மாதிரி இருந்துச்சு. பத்தவைப்பு கோடு இல்லாதத நான் நல்ல கைவேலைன்னு எடுத்துக்கிட்டேன், உண்மையில பத்தவைக்கவே இல்ல. எவ்வளவு நல்ல ஆசாரி செஞ்சாலும் கைவேலையில பொடி எங்கயாவது ஒரு எடத்துல தெரிஞ்சே தீரும். ஒன்னுமே தெரியலன்னா அதுதான் சந்தேகப்பட வேண்டிய எடம். 92ங்கிற நம்பரும் அப்படித்தான், உள்ளூர் பட்டறை பழைய சாமான்ல எல்லா பட்டையும் ஒரே டச் வர்றது அபூர்வம், ஒவ்வொரு பட்டையும் வேற வேற நாள்ல உருக்குன வெள்ளியில இருக்கும். இதுல ஏழு பட்டையும் 92, கொக்கி மட்டும் 78.

வயச பாக்கறதுக்கு பெரியப்பா சொல்லிக்குடுத்த ஒரே வழி, எது மேல எது இருக்குன்னு பாக்கறது. அம்மா கொலுசுலயே அத காமிச்சாரு. வளையமும் வளையமும் கோத்த எடத்துல ரெண்டும் ஒன்ன ஒன்னு அறுத்து பள்ளம் விழுந்திருக்கு, அந்த பள்ளம் சில வளையத்துல பத்தவைப்பு கோட்டு மேலயே போகுது, கோடும் தேஞ்சிருக்கு, உடம்பும் தேஞ்சிருக்கு, ரெண்டும் ஒரே வழுவழுப்பு. அப்ப பொடி முதல்ல, தேய்மானம் பின்னாடி, அதாவது செஞ்சப்பவே வச்ச பத்தவைப்பு. இடது கால் கொலுசுல ஒரு எடத்துல மட்டும் வேற மாதிரி, தேஞ்ச பள்ளத்துக்குள்ள பொடி வழிஞ்சு போயி நிக்குது, பொடியோட ஓரம் கூரா இருக்கு, அதுல தேய்மானமே இல்ல. அங்க தேய்மானம் முதல்ல, பொடி பின்னாடி. "இது எப்பவோ அந்து போயி பத்தவச்சிருக்கு"ன்னாரு. அம்மா யோசிச்சு, நான் பொறந்த வருஷம் படிக்கட்டுல மாட்டி அந்துச்சுன்னு சொன்னாங்க.

கொலுசுல தேய்மானம் விழுற எடமும் நெனவுல வச்சுக்கணும். கணுக்கால் எலும்பு மேல படுற பக்கமும், குதிகாலுக்கு மேல பின்பக்கம் தொங்குற பக்கமும்தான் அதிகம் தேயும். முத்து தொங்குற சின்ன வளையம் மேல்பக்கம் நூல் மாதிரி ஆயிரும், பல முத்து அப்படித்தான் காணாம போகுது. திருகாணி பக்கத்து ரெண்டு மூணு வளையம் மட்டும் நீண்டு போயிருக்கும், இழுத்து மாட்டுறதால. ஜோடியில ரெண்டும் அச்சா ஒரே மாதிரி தேயாது, ஒன்ன கண்ணாடியில பாத்த மாதிரி இன்னொன்னு தேஞ்சிருக்கும், ஏன்னா ரெண்டு கால்லயும் உள்பக்கம்தான் ஒன்னோட ஒன்னு உரசும். கொலுசு பூரா சுத்தி ஒரே அளவு தேஞ்சிருந்தா அது கால்ல தேஞ்சது இல்ல. ஆனா இத வச்சு எத்தனை வருஷம்னு நம்பர் சொல்ல முடியாது, தெனம் வயலுக்கு போட்டு போன கொலுசு பத்து வருஷத்துல தேஞ்சிரும், பெட்டியில இருந்தது அறுபது வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். எவ்வளவு போட்டாங்கன்னு சொல்லலாம், எப்ப செஞ்சதுன்னு தேய்மானம் சொல்லாது.

ராவவே மனசு வரலன்னா தண்ணியில எடை போட்டு பாக்கற வழி ஒன்னு இருக்கு. தராசு மேல தண்ணி டம்ளர வச்சு பூஜ்யம் பண்ணிட்டு, சாமான நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி, அடியில தொடாம தொங்க விடுங்க, தராசு காட்டுற கிராம் தான் அது ஒதுக்குன தண்ணி. 100 கிராம் சாமான் சுத்த வெள்ளின்னா 9.53 காட்டும், 80 டச்சுன்னா 9.86, 60ன்னா 10.18, வெள்ளி பொட்டு கூட இல்லாத ஜெர்மன் சில்வர்னா 11.5 பக்கம். அம்மாவோட ஒத்தக்கால் கொலுசு 107 கிராம், 10.56 காட்டுச்சு, கணக்கு பண்ணா 79 வருது, பெரியப்பா காலண்டர் கணக்குக்கு பக்கத்துலயே. ஆனா அந்த 10.56, 10.66ன்னு ஒரு புள்ளி தவறியிருந்தா 74 ஆயிருக்கும், அவ்வளவு நுணுக்கம். அதனால 0.01 கிராம் காட்டுற தராசு வேணும், முத்துக்குள்ள காத்து நிக்காம வெந்நீர்ல போட்டு குலுக்கிட்டு ஆறவச்சு போடணும். உள்ள அரக்கு அடைச்ச தண்டை, உள்கூடு காப்பு, கம்பியில பின்னுன அரைஞாண் கொடி இதுக்கெல்லாம் இந்த வழி ஒத்துவராது, அரக்கும் காத்தும் கணக்க கெடுத்துரும்.

பின்னுன அரைஞாண் கொடின்னதும் ஒன்னு, அதுல கொடி பூரா பத்தவைப்பே கிடையாது, பின்னறதுக்கு கம்பி மெத்துன்னு இருக்கணும்னு நல்ல டச்சுலதான் இழுப்பாங்க, பொடி ரெண்டு முனையில குப்பி சேருற எடத்துல மட்டும்தான். யாராவது குப்பிய ராவி விலை சொன்னா, கொடிய ராவச் சொல்லுங்க.

இன்னும் ஒரு விஷயம் கேட்டுக்கறேன், பாட்டி வீட்டு சாமான் ஏதாவது கையில கெடச்சா பாக்கறதுக்கு முன்னாடி பாலிஷ் போடாதீங்க. பத்தவைப்பு கோடு, குழி அழுக்கு, தேஞ்ச எடத்து நிறம் எல்லாமே அதுல போயிரும். பூந்திக்கொட்டை தண்ணியில ஊறவச்சு மெத்துன பிரஷ்ல அலசுனா போதும், லென்ஸ்ல பாத்து போட்டோ எடுத்து வச்சதுக்கப்பறம் வேணும்னா பாலிஷ் போடுங்க. உருக்கித்தான் விக்கணும்னா, முன்னாடியே எடை போட்டு எழுதிக்கிட்டு, உங்க கண்ணு முன்னாடியே உருக்கச் சொல்லி, உருகுன கட்டியில டச் பாக்கச் சொல்லுங்க, அப்ப உடம்பு, பொடி, திருகாணி எல்லாம் கலந்து வர்ற நம்பர் வரும், அதுல சண்டை வராது. வெள்ளிக்கு தங்கம் மாதிரி ஹால்மார்க் கட்டாயம் இல்லாததால இது நாமளே பாத்துக்க வேண்டியதா இருக்கு.

அம்மா கொலுச விக்கல. பணத்துக்கு வேற வழி பண்ணிக்கிட்டோம். முத்து வளையம் நாலு நூல் மாதிரி ஆயிருந்துச்சு, அத மட்டும் பெரியப்பாவோட பழைய பட்டறையில குடுத்து புதுசா போட்டோம், பொடி வழியாம வைங்கன்னு பெரியப்பா பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. ஒட்டியாணத்த வெள்ளி விலைக்கு போட்டுட்டேன், கொக்கிய மட்டும் கழட்டி வச்சுக்கிட்டேன். அதுதான் அதுல நெசமாவே யாரோ ஒருத்தங்க இடுப்புல இருந்தது.